கறித்தூள் லேபிளுக்குப் படம் வரைவித்த அனுபவம்: வெறுமையைக் கேட்காமல் பலகையைக் கேட்டபோது

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் சின்னம்மா வறுத்து அரைக்கும் கறித்தூளின் 250 கிராம் பைகளுக்கான லேபிள் சென்ற கிழமை அச்சாகி வந்தது. முதல் இருநூறு பைகளில் அதை ஒட்டி முடித்த கையோடு இதை எழுதுகிறேன். கணினியில் படமாக்கும் செயற்கை நுண்ணறிவு மாதிரிக்கு எழுத்தால் கட்டளை கொடுத்து, தட்டையான சித்திரமும் எழுத்துக்கான தெளிவான கட்டங்களும் கொண்ட ஒரு லேபிளை உருவாக்குவதற்கு எனக்கு ஐந்து வாரங்கள் ஆயின. அவற்றில் மூன்று வாரங்கள் தவறான வழிகளில் சென்றவை. அந்த வழிகளையும் வந்த வரிசையிலேயே சொல்கிறேன். சிறிய அளவில் தூளோ தேயிலையோ பொதி செய்பவர்களுக்கு அந்தப் பகுதிதான் கூடுதலாக உதவும் என்று நினைக்கிறேன்.

தொடக்கத்தில் சின்னம்மாவிடம் இருந்தது, வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து அச்சிட்ட ஒரு சிறிய ஒட்டுத்தாள் மட்டுமே. கடைக்காரர் ஒருவர், தூள் நன்றாக இருந்தாலும் தட்டில் வைத்தால் பை கண்ணில் படுவதில்லை என்று சொல்லியிருந்தார். ஓவியர் ஒருவரைக் கொண்டு வரைவிக்க இப்போதைக்குப் பணம் இல்லை. என்னுடைய கணினியில், ஓரளவு நினைவகம் உள்ள கிராபிக்ஸ் அட்டையில் ஓடக்கூடிய திறந்த மூலப் படமாக்க மாதிரி ஒன்றை ஏற்கெனவே நிறுவி வைத்திருந்தேன். கோட்டு வடிவங்கள் வரையும் இன்க்ஸ்கேப் மென்பொருளும் இலவசம். ஆகையால் செலவு அச்சுக்கு மட்டுமே என்று தொடங்கினோம்.

முதல் நாள் நான் எழுதிய கட்டளை இது. இந்த மாதிரி தமிழில் எழுதினால் விளங்கிக்கொள்வதில்லை என்பதால் எல்லாக் கட்டளைகளையும் ஆங்கிலத்திலேயே எழுத வேண்டியிருந்தது.

```
Jaffna curry powder packaging label design,
traditional spices, flat illustration, with space for text
```

இதற்கு வந்த இருபது படங்களில் பதினாறு, பழுப்புப் பையொன்று மேசையில் நிற்கும் புகைப்படம் போன்றவை. பைக்கு நிழல் இருந்தது, மடிப்பு இருந்தது, பக்கத்தில் கிண்ணமும் இருந்தது. லேபிள் அந்தப் பையின் மேல் சற்றுச் சாய்ந்து ஒட்டப்பட்டிருந்தது. காரணத்தைப் பிறகுதான் புரிந்துகொண்டேன். 'பொதி', 'லேபிள்' என்ற சொற்களோடு இணையத்தில் கிடக்கும் படங்களிற் பெரும்பாலானவை விற்பனைக்காக எடுத்த பைகளின் படங்கள். மாதிரி கற்றுக்கொண்டது அவற்றைத்தான். அச்சுக்குப் போகும் தட்டையான தாளை அது அந்தச் சொல்லால் அறியவில்லை.

மீதி நான்கு படங்கள் தட்டையாகத்தான் இருந்தன. ஆனால் அவற்றின் நடுவில், தமிழும் அல்லாத ஆங்கிலமும் அல்லாத எழுத்துப் போன்ற கிறுக்கல்கள் நிறைந்திருந்தன. எழுத்துக்கு இடம் விடு என்று நான் கேட்டதில் 'எழுத்து' என்ற சொல் இருந்தது. மாதிரி அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு எழுத்தை வரைந்து வைத்தது. 'எழுத்து வேண்டாம்' என்று கட்டளைக்குள்ளேயே எழுதிப் பார்த்தபோது கிறுக்கல்கள் இன்னும் கூடின. என்னுடையது போன்ற மாதிரிகளில் வேண்டாதவற்றை எழுதுவதற்கென்று தனிப்பெட்டி உண்டு. வேண்டாம் என்பதை அங்கேதான் எழுத வேண்டும். கட்டளைக்குள் எழுதினால் அந்தப் பொருளை அழைத்துவருவதாகவே முடிகிறது.

இரண்டாவது வாரம் முழுவதும் படத்தின் உள்ளடக்கத்தில் போயிற்று. 'மசாலாப் பொருட்கள்' என்று பொதுவாக எழுதினால் அன்னாசிப்பூவும் கறுவாப்பட்டையும் ஏலக்காயும் தவறாமல் வந்து உட்கார்ந்தன. சின்னம்மாவின் தூளில் செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், சின்னச்சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை ஆகிய எட்டும்தான் இருக்கின்றன. தூளில் இல்லாத அன்னாசிப்பூவைப் பையின் முகப்பில் வரைந்து வைப்பது வாங்குபவரை ஏய்ப்பதாகும் என்று அவர் உறுதியாகச் சொன்னார். நானும் அதை ஒப்புக்கொள்கிறேன். எட்டையும் பெயர் சொல்லி எழுதியபோது வேறொரு சிக்கல் வந்தது. பொருட்கள் ஒன்றோடொன்று கலந்து, மிளகாய்க்கு இலை முளைத்து, மல்லி விதைகள் பட்டாணி அளவில் உருண்டு கிடந்தன. பல முறை முயன்ற பிறகு, ஒரு படத்தில் மூன்று பொருள்களுக்கு மேல் கேட்பதில்லை என்று முடிவு செய்தேன்.

மிளகாயைக் கேட்டபோது கொழுத்த பச்சைக் காம்புள்ள பழுத்த மிளகாய் வந்தது. எங்களுக்கு வேண்டியது சுருங்கி நீண்ட செத்தல். 'உலர்ந்த, நீண்ட, சுருக்கம் விழுந்த' என்று மூன்று அடைமொழிகளைச் சேர்த்த பின்னரே அந்த வடிவம் கிடைத்தது. ஊரைக் காட்டச் சேர்க்க நினைத்த பனையில் இதைவிடப் பெரிய தவறு நடந்தது. பனை என்பதற்கான ஆங்கிலச் சொல்லை எழுதி வந்த படத்தை, நன்றாக வந்திருக்கிறது என்ற மகிழ்ச்சியோடு சின்னம்மாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு நிமிடம் பார்த்தார்.

"இது பனை இல்லைத் தம்பி. ஓலையைப் பாருங்கோ, கீழ தொங்குது. இது தென்னை. எங்கட பனை இப்பிடி வளைஞ்சு நிக்காது."

அவர் சொன்னது சரி. மாதிரிக்குப் பனைக் குடும்பத்து மரம் என்றாலே கடற்கரையில் வளைந்து நிற்கும் தென்னைதான் முதலில் வருகிறது. ஆகவே மரத்தின் பெயரை விட்டுவிட்டு அதன் உருவத்தை எழுதினேன்: நேரான கரிய தண்டு, உச்சியில் உருண்டையான தலை, விசிறி போல விரிந்த விறைப்பான ஓலைகள். இப்படி எழுதிய உடனே பனை வந்துவிட்டது. இதே முறையை மற்ற எல்லாவற்றுக்கும் கையாண்டேன். யாழ்ப்பாணம் என்ற ஊர்ப்பெயரைக் கட்டளையில் எழுதினால் மாதிரிக்கு அதனால் எந்த உருவமும் தோன்றுவதில்லை. கோபுரமும் யானையும் வட்டக் கோலமுமாக எங்கிருந்தோ பொறுக்கிய பொதுவான அலங்காரங்கள்தான் வருகின்றன. ஊரை எழுதாமல், ஊரில் கண்ணுக்குத் தெரிவதை எழுதினால் படம் ஊருடையதாகிறது.

மூன்றாவது வாரம் கட்டங்களுக்காகப் போராடினேன். லேபிளுக்குச் சித்திரம் மட்டும் அழகாக இருந்தால் போதாது. மூன்று மொழிகளிலும் பெயர், எடை, சேர்மானங்கள், தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும், தொகுதி எண், உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, விலை ஆகிய அனைத்துக்கும் இடம் வேண்டும். நான் செய்த பெரிய தவறு, இவை எவ்வளவு இடம் கேட்கும் என்று அளந்து பாராமலேயே படத்தைத் தேடத் தொடங்கியதுதான். மிக அழகான ஒரு படத்தைத் தேர்ந்து, அதன் நடுவிலிருந்த வட்டத்துக்குள் 'யாழ்ப்பாணக் கறித்தூள்' என்று எழுதிப் பார்த்தேன். முதற்சொல் மட்டுமே ஆறு எழுத்து. வட்டத்துக்குள் அடங்க வேண்டுமானால் இரண்டு அடி தூரத்திலிருந்து வாசிக்க முடியாத அளவுக்குச் சிறுக்க வேண்டியிருந்தது. தமிழ்ப் பெயர்கள் நீளமானவை; அவற்றுக்கு வட்டமும் கேடயமும் பொருந்துவதில்லை, அகன்ற செவ்வகம்தான் பொருந்தும்.

அதன் பிறகு கணினியை விட்டுவிட்டுத் தாளில் வேலை செய்தேன். எங்கள் பையின் முகப்பில் 90 மில்லிமீற்றர் அகலமும் 135 மில்லிமீற்றர் உயரமும் உள்ள லேபிள் சுருக்கமின்றி ஒட்டும். அதே அளவில் ஒரு தாளை வெட்டி, மேலே 50 மில்லிமீற்றர் சித்திரத்துக்கும், நடுவில் 35 பெயருக்கும், கீழே 50 விவரங்களுக்கும் என்று பிரித்தேன். எழுத வேண்டிய எல்லாவற்றையும் உண்மையான எழுத்துருவில் அச்சிட்டு, கத்தரித்து, கட்டங்களில் வைத்துப் பார்த்தேன். பார்கோடு எண்ணைச் சின்னம்மா இன்னும் வாங்கவில்லை. இருந்தாலும் பெரிய கடைகளுக்குக் கொடுக்கும் நாள் வந்தால் லேபிளை மீண்டும் வரையாதிருக்கும்படி அதற்கும் இடம் விட்டோம். வழக்கமான பதின்மூன்று இலக்கப் பார்கோட்டை அதன் முழு அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே சிறுக்கக் கூடாது. அந்தச் சிறிய அளவே, இரு பக்கமும் விட வேண்டிய வெறும் வெளியையும் சேர்த்து, ஏறக்குறைய 30 மில்லிமீற்றர் அகலமும் 21 மில்லிமீற்றர் உயரமும் ஆகும். கீழ்க் கட்டத்தின் வலப்பக்கத்தை அதற்கு ஒதுக்கினேன். கோடுகளைச் சிவப்பில் அச்சிடலாமா என்று சின்னம்மா கேட்டார். கடைகளில் உள்ள பல வாசிப்புக் கருவிகள் சிவப்பு ஒளியால் வாசிப்பதால் சிவப்புக் கோடு அவற்றுக்கு வெள்ளையாகவே தெரியும், ஆகவே கறுப்புத்தான் வேண்டும் என்று விளக்கினேன்.

இந்தத் தாள் திட்டம் கையில் இருந்தபோது கட்டளையை வேறு விதமாக எழுத முடிந்தது. அதுவரை நான் கேட்டுக்கொண்டிருந்தது வெறுமையை: இடம் விடு, காலியாக வை, எழுத்துக்கு வசதி செய் என்று. மாதிரிக்கு வெறுமை என்பது ஒரு பொருள் அல்ல, அதை எதனாலாவது நிரப்பவே முயல்கிறது. அந்த வெறுமையையே ஒரு பொருளாக்கி, இன்ன நிறத்தில், இன்ன வடிவில், இன்ன இடத்தில் ஒரு பலகை இருக்கிறது என்று எழுதியபோது அது பலகையை வரைந்தது. பலகைக்கு மேல் எதையும் வைக்க வேண்டிய தேவை அதற்கு ஏற்படவில்லை. இறுதியில் நிலைத்த கட்டளை இது:

```
flat screen print, five solid colors, hard edged shapes,
upper part: row of tall straight dark trunks with round heads
of stiff fan-shaped leaves, pale yellow sky,
three long wrinkled dried red chillies lying in front,
middle: wide plain brick red rectangle, smooth,
bottom: large plain cream rectangle, smooth
```

வேண்டாதவற்றுக்கான பெட்டியில் எழுதியது:

```
text, letters, logo, bag, pouch, bowl, shadow,
gradient, photo, coconut, star anise, border
```

கட்டளையில் லேபிள், பொதி, கறி, மசாலா என்ற சொற்கள் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். 'தட்டைச் சித்திரம்' என்று மட்டும் எழுதியபோது மெல்லிய நிழல்களும் நிறச் சாயல்களும் ஒளிந்து வந்தன. பட்டுத்திரை அச்சு, ஐந்து நிறம் என்று அச்சு முறையைச் சொன்னபோது அவை பெரும்பாலும் மறைந்தன. நிறத்தின் எண்ணிக்கையை மாதிரி சரியாகக் கடைப்பிடிக்காவிட்டாலும், அந்தச் சொல் படத்தை எளிமையின் பக்கம் தள்ளுகிறது.

இவ்வளவுக்குப் பிறகும் கட்டங்களின் அளவு படத்துக்குப் படம் மாறியது. முப்பத்தேழு சதவீதம் என்று எண்ணில் எழுதுவதால் எந்தப் பயனும் இல்லை. அளவைச் சொல்லால் சொல்லும் முயற்சியைக் கைவிட்டு, இன்க்ஸ்கேப்பில் மூன்று நிறச் செவ்வகங்களை என் தாள் திட்டத்தின் விகிதத்தில் வரைந்து, 832 × 1216 புள்ளிகள் கொண்ட படமாகச் சேமித்து, அதையே மாதிரிக்குத் தொடக்கப் படமாகக் கொடுத்தேன். தொடக்கப் படத்திலிருந்து எவ்வளவு விலகலாம் என்பதற்கு பூச்சியத்திலிருந்து ஒன்று வரை ஓர் எண் உண்டு. 0.45 இல் கட்டங்கள் அசையவில்லை, ஆனால் பனைகள் வெறும் தீற்றல்களாக நின்றன. 0.8 இல் பனைகள் அருமையாக வந்தன, மிளகாய்களோ கீழே வழிந்து பெயர்க் கட்டத்துக்குள் பாதி இறங்கிவிட்டன. 0.62 இல் இரண்டும் ஒத்துவந்தன. ஒவ்வொரு படமும் எங்கிருந்து தொடங்கும் என்பதைத் தீர்மானிக்கும் தற்செயல் எண்ணை மாற்றாமல் வைத்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒரு சொல்லையோ ஓர் எண்ணையோ மட்டும் மாற்றியதால்தான் எது எதைச் செய்கிறது என்று கண்டுகொள்ள முடிந்தது. அதற்கு முந்திய இரண்டு வாரங்களில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றியதால் நான் கற்றுக்கொண்டது மிகக் குறைவு.

ஒவ்வொரு படத்தையும் மூன்று படிகளில் சோதித்தேன். முதலில் படத்தை 90 மில்லிமீற்றர் அகலத்துக்குச் சாதாரண அச்சுப்பொறியில் அச்சிட்டு, சுவரில் ஒட்டி, நான்கு அடி தள்ளி நின்று பார்ப்பேன். பனை பனையாகத் தெரிய வேண்டும். அடுத்து கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்ப்பேன். கட்டமும் சித்திரமும் ஒரே சாம்பல் நிறத்தில் கலந்துவிட்டால் நிற வேறுபாடு போதாது என்று பொருள். கடைசியாக, பெயரை அதன் கட்டத்தில் வைத்து, எழுத்தின் நான்கு பக்கமும் குறைந்தது நான்கு மில்லிமீற்றர் வெளி இருக்கிறதா என்று அளப்பேன். நூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் இந்த மூன்றையும் தாண்டியவை நான்கு. அந்த நான்கில் சின்னம்மா தேர்ந்ததையே வைத்துக்கொண்டோம்.

அந்தப் படத்தை அப்படியே அச்சுக்கு அனுப்ப முடியாது. வெட்டும்போது விலகினால் வெள்ளை விளிம்பு தெரியாதிருக்க எல்லாப் பக்கமும் 3 மில்லிமீற்றர் கூட்டினால் லேபிள் 96 × 141 மில்லிமீற்றர் ஆகிறது. 832 புள்ளிகளை 96 மில்லிமீற்றரில் பரப்பினால் அங்குலத்துக்கு 220 புள்ளிகள்தான். அச்சகம் கேட்பது 300. தட்டையான சித்திரம் என்பதால் இங்கே ஒரு நல்ல வழி இருக்கிறது. இன்க்ஸ்கேப்பில் `Path > Trace Bitmap` சென்று, பல நிற முறையில் `Colors` தேர்ந்து, `Scans` என்பதை 8 ஆக வைத்து, `Stack` என்பதையும் குறியிட்டால், படம் எட்டு நிறத் தகடுகளாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிய கோட்டு வடிவமாக மாறுகிறது. அதன் பிறகு எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு மங்காது. `Stack` குறியிடாதபோது நிறங்களுக்கு இடையே மயிர்க்கோடு போன்ற வெள்ளை இடைவெளிகள் வந்தன. எட்டு நிறங்களில் ஏறக்குறைய ஒன்றாக இருந்தவற்றைக் கையால் இணைத்து ஐந்தாக்கினேன். ஓலைகளுக்கு நடுவே கிடந்த சிறு துணுக்குகளை அழிக்க ஒரு மாலை முழுவதும் ஆயிற்று.

மாதிரி வரைந்த செவ்வகங்களின் விளிம்புகள் பார்வைக்கு நேராக இருந்தாலும், அளவுகோல் வைத்துப் பார்த்தால் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் ஒன்றரை மில்லிமீற்றர் வேறுபாடு இருந்தது. ஆகவே அவற்றின் மேல் உண்மையான செவ்வகங்களை வரைந்து மூடிவிட்டேன். படத்தில் வரும் கட்டத்தின் வேலை, சித்திரம் அந்த இடத்துக்குள் வராமல் தடுப்பது மட்டுமே. அச்சாகும் கட்டத்தை எப்போதும் கையால்தான் வரைய வேண்டும்.

எழுத்து வேலையில் முதலில் கீழ்க் கட்டத்தையும் செங்கல் சிவப்பாக்கி, அதன்மேல் வெளிர் நிறத்தில் 6 புள்ளி எழுத்தில் சேர்மானங்களை வைத்தேன். திரையில் நன்றாக இருந்தது. சோதனை அச்சில் ண, ழ, ஞ ஆகிய எழுத்துகளின் சுழிகளில் உள்ள மெல்லிய வெளிர் கோடுகளுக்குள் சிவப்பு மை பரவி அவற்றை அடைத்துவிட்டது. ஆங்கில எழுத்துகள் அதே அளவில் தப்பின; தமிழில் சுழிகள் அதிகம். அதனால் கீழ்க் கட்டத்தை வெளிர் மஞ்சளாக்கி, கரும்பழுப்பு எழுத்தை 7.5 புள்ளிக்கு உயர்த்தினேன். சிறிய எழுத்துக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவையும், பெயருக்கு பாலு தம்பி எழுத்துருவின் தடித்த வடிவத்தையும் பயன்படுத்தினேன். தடித்த வடிவத்தைச் சிறிய எழுத்துக்கு வைத்தால் சுழி அடைபடும் சிக்கல் மீண்டும் வரும்.

அச்சகத்தில் இரண்டு இடங்களில் தடுக்கியது. யாழ்ப்பாணத்து அச்சகங்கள் பலவற்றில் இன்னும் பாமினி எழுத்துருவில் வேலை செய்யும் பழக்கம் இருக்கிறது. நான் கொடுத்த யூனிகோட் கோப்பை அங்கிருந்த பழைய மென்பொருளில் திறந்தபோது கொம்புகள் இடம் மாறி, 'கொக்குவில்' என்பதில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. வடிவமைப்புச் செய்யும் அண்ணை எழுத்துகளைத் தானே தட்டச்சுச் செய்து தருவதாக அன்போடு சொன்னார். ஆனால் மறுபடி தட்டச்சுச் செய்தால் புதிய பிழைகள் வரக்கூடும் என்பதால், வீட்டுக்கு வந்து எல்லா எழுத்தையும் தேர்ந்து `Path > Object to Path` கொடுத்து வடிவமாக மாற்றி, பி.டி.எப். ஆகக் கொண்டுபோனேன். அதற்குப் பிறகு எந்த மென்பொருளாலும் அவற்றைக் கலைக்க முடியவில்லை. மாற்றுவதற்கு முந்திய கோப்பைத் தனியே சேமித்து வைக்க வேண்டும். வடிவமாகிவிட்ட எழுத்தைத் திருத்த முடியாது.

இரண்டாவது தடுக்கல் ஒட்டுத்தாளைத் தேர்ந்ததில். பழுப்புக் கிராப்ட் தாள் நாட்டுத்தன்மையோடு இருக்கும் என்று எண்ணி முதலில் அதில் ஐந்து தாள்கள் அச்சிட்டேன். ஒரு தாள் 320 ரூபாய். மொத்தம் 1,600 ரூபாய் வீணாயிற்று. அந்தப் பொறியில் வெள்ளை மை இல்லை. படத்தில் வெளிர் நிறமாக உள்ள இடத்தில் பொறி மிகக் குறைந்த மையையே இடுகிறது, தாளின் நிறமே அங்கே தெரிகிறது. என் வெளிர் மஞ்சள் கட்டமும் வானமும் பழுப்பாகிவிட்டன. சிவப்பு மண் நிறமானது. பனையும் வானமும் ஒன்றாயின. எழுத்துக்காகத் தெளிவாக ஒதுக்கிய கட்டமே தாளில் காணாமற் போனது. கிராப்ட் தாள்தான் வேண்டுமென்றால், கரும் நிறங்கள் இரண்டை மட்டும் வைத்து, தாளின் பழுப்பையே கட்டத்தின் நிறமாகக் கொண்டு முதலிலிருந்தே வேறாக வடிவமைக்க வேண்டும்.

வெள்ளைச் செயற்கை ஒட்டுத்தாளில், மங்கிய மேலுறை இட்டு அச்சிட்டதே இறுதியானது. தூளின் எண்ணெயும் மஞ்சளும் பட்ட கையால் தொட்டாலும் துணியால் துடைத்துவிடலாம். சாதாரணத் தாளில் அந்தக் கறை ஊறிவிடும். அதிலும் முழுத் தொகையை அடிக்கும் முன், சிவப்பின் ஆறு வகைகளை ஒரு நிறப் பட்டையாக வைத்து ஒரு தாள் மட்டும் அச்சிட்டு வாங்கினேன். திரையில் ஒளிர்ந்த செத்தல் சிவப்பு, அச்சில் மங்கித்தான் வரும். ஆறில் எது உண்மையான செத்தலுக்கு அருகில் இருக்கிறது என்று, ஒரு பிடி மிளகாயைப் பக்கத்தில் வைத்து, குசினி யன்னலோரம் பகல் வெளிச்சத்தில் பார்த்துத் தேர்ந்தோம். என் தேர்வு நான்காவது. சின்னம்மா ஐந்தாவதைச் சொன்னார். ஐந்தாவதுதான் அச்சானது. அவர் நாற்பது வருடமாக மிளகாய் தெரிந்து வாங்குபவர்.

ஏ3 தாளில் 96 × 141 மில்லிமீற்றர் லேபிளைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தால் எட்டு அடங்குகின்றன. மேலுறையோடு ஒரு தாள் 480 ரூபாய். இருபத்தைந்து தாள்களுக்கு 12,000 ரூபாய். ஒரு லேபிள் 60 ரூபாய். வீணான கிராப்ட் தாளையும் சோதனைத் தாள்களையும் கூட்டினால் இந்தத் தடவை ஒரு பைக்கு 70 ரூபாய்க்குச் சற்று மேலாகிறது. 250 கிராம் பைக்கு இது கூடுதல் என்பதைச் சின்னம்மா மறைக்காமல் சொன்னார். ஆயிரத்துக்கு மேல் அடித்தால் வேறு முறையில் விலை இறங்கும் என்று அச்சகத்தில் சொன்னார்கள். ஆனால் முகவரியோ விலையோ மாறினால் மீதி லேபிள்கள் குப்பையாகும் என்பதால் இப்போதைக்கு இருநூறு இருநூறாகவே அடிக்கிறோம்.

ஒட்டிய பின்னர் தெரிந்த குறை ஒன்று உண்டு. திகதிக்கும் தொகுதி எண்ணுக்கும் லேபிளிலேயே ஒரு கட்டம் வைத்திருந்தேன். மேலுறை இட்ட பரப்பில் ரப்பர் முத்திரையின் மை காயவில்லை. முதல் பத்துப் பைகளில் 'காலாவதி' என்ற வரி விரல் பட்டு அழிந்தது. இப்போது அழியாத மைப் பேனாவால் ஒவ்வொன்றிலும் கையால் எழுதுகிறோம். இருநூறு பைக்கு இரண்டு பேர் ஒரு மாலை இருக்க வேண்டியிருக்கிறது. அடுத்த அச்சில் அந்தக் கட்டத்தை லேபிளிலிருந்து எடுத்துவிட்டு, பின்பக்கத்தில் மேலுறை இடாத சிறிய தாள் ஒட்டுக்கு மாற்றுவேன். அப்போது முகப்பின் கீழ்க் கட்டத்தில் பன்னிரண்டு மில்லிமீற்றர் மீதமாகும். அதைப் பெயர்க் கட்டத்துக்குக் கொடுத்தால் மூன்று மொழிப் பெயர்களும் நெருக்கமின்றி நிற்கும்.

ஹற்றனிலிருந்து தேயிலை எடுத்துச் சிறு பெட்டிகளில் விற்கும் உறவினர் ஒருவர் இந்த லேபிளைப் பார்த்துவிட்டு அதே கட்டளையைக் கேட்டார். கொடுத்தேன், ஆனால் பனையையும் மிளகாயையும் எடுத்துவிட்டுத் தேயிலை என்ற சொல்லைப் போட்டால் போதாது என்பதையும் சொன்னேன். தேயிலை என்றால் மாதிரி கோப்பையையும் ஆவியையும் வரையும். இரண்டு இலையும் நடுவில் ஒரு மொட்டும் கொண்ட கொழுந்து என்று உருவத்தை எழுத வேண்டும். பெட்டிக்கு நான்கு பக்க முகங்கள் இருப்பதால், சித்திரம் ஒரு முகத்துக்கு மட்டும் போதும். மற்ற மூன்றையும் வெறும் நிறப் பலகைகளாக இன்க்ஸ்கேப்பில் வரைந்துகொள்ளலாம். அவர் வெறும் பெட்டியொன்றைப் பிரித்து விரித்து, முகங்களை அளவுகோலால் அளந்து, மில்லிமீற்றரில் எழுதி நேற்று அனுப்பியிருக்கிறார்.